ப்ரீஸ்கேலர் உண்மையிலேயே பின்னத்தால் வகுக்கிறதா?

ரேடியோ சர்க்யூட் கட்டத் தொடங்குபவர்கள் சீக்கிரமே ஒரு வாக்கியத்தைக் கேட்டுவிடுவார்கள்: "ட்யூயல் மாடுலஸ் ப்ரீஸ்கேலர் போட்டால் 64.5-ஆல்கூட வகுக்கலாம்." ப்ரீஸ்கேலர் என்பது வேகமான ஓர் அலையின் அதிர்வெண்ணை வகுத்துக் குறைக்கும் சர்க்யூட். கேட்டவர் அந்த வாக்கியத்தை அப்படியே மனதில் வைத்துக்கொள்கிறார். சின்தசைசர் என்பது ஒரே கிரிஸ்டலை வைத்துப் பல அதிர்வெண்களை உருவாக்கும் சர்க்யூட். அப்புறம் "ஃப்ராக்ஷனல்-என் சின்தசைசர்" என்ற பெயர் காதில் விழும்போது, இரண்டும் ஒன்றுதான் என்று முடிவு கட்டிவிடுகிறார். குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ப்ரீஸ்கேலரின் சராசரி பின்னமாக இருக்கலாம். அதனால் மட்டும் சின்தசைசர் பின்னத்தால் வகுக்கிறது என்று ஆகாது. அந்தச் சராசரி எத்தனை நேரத்துக்குள் எடுக்கப்படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

## 365-உம் 366-உம்

பூமி சூரியனைச் சுற்றிவர ஏறக்குறைய 365¼ நாள் ஆகிறது. நாட்காட்டியில் கால் நாள் என்று ஒரு கட்டம் போட முடியாது. அதனால் மூன்று ஆண்டுகளுக்கு 365 நாள், நான்காவது ஆண்டுக்கு 366 நாள் என்று வைத்துக்கொள்கிறோம். நான்கு ஆண்டுகளில் மொத்தம் 1461 நாள், சராசரி 365.25. (நூற்றாண்டு ஆண்டுகளுக்கான விதிவிலக்கு இங்கே வேண்டாம்.)

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். எந்த ஓர் ஆண்டிலும் 365.25 நாள் இருப்பதில்லை. ஒவ்வோர் ஆண்டும் முழு எண்தான், பின்னம் சராசரியில் மட்டுமே பிறக்கிறது. இரண்டாவது, நடுவில் பிழை சேருகிறது. முதல் ஆண்டு முடியும்போது நாட்காட்டி கால் நாள் முந்திவிடுகிறது, இரண்டாம் ஆண்டில் அரை நாள், மூன்றாம் ஆண்டில் முக்கால் நாள். நான்காம் ஆண்டில் சேர்க்கும் ஒரு நாள் அதைச் சரிசெய்கிறது. இந்த இரண்டாவது விஷயத்தைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. சின்தசைசரில் தலைவலியைக் கொடுப்பது அதுதான்.

## சின்தசைசரில் வகுப்பது யார், எதற்கு?

ஒரு கிரிஸ்டல் மிகத் துல்லியமாக அதிரும், ஆனால் ஒரே அதிர்வெண்ணில்தான் அதிரும். நமக்கு வேண்டியதோ பல சேனல்கள். விசிஓ என்பது கொடுக்கும் மின்னழுத்தத்துக்கு ஏற்ப அதிர்வெண்ணை மாற்றிக்கொள்ளும் அலையாக்கி. எந்தச் சேனலுக்கும் அது போகும், ஆனால் அங்கே நிலையாக நிற்காது. கிரிஸ்டலின் துல்லியத்தை விசிஓவுக்கு ஊட்டும் சர்க்யூட்டுக்குப் பெயர் பிஎல்எல்.

வேலை நடக்கும் விதம் இது. விசிஓவின் அலையை ஒரு வகுத்தி எண்ணுகிறது. N அலைகள் போனதும் ஒரு துடிப்பை வெளியே விடுகிறது. கிரிஸ்டலிலிருந்து வரும் ரெஃபரன்ஸ் துடிப்பு ஒரு பக்கம், இந்தத் துடிப்பு மறுபக்கம். எது முந்தி வருகிறது, எவ்வளவு முந்துகிறது என்று பேஸ் டிடெக்டர் பார்க்கிறது. அந்த வித்தியாசத்தை லூப் ஃபில்ட்டர் மென்மையாக்கி விசிஓவுக்குக் கட்டுப்பாட்டு மின்னழுத்தமாகக் கொடுக்கிறது. இரண்டு துடிப்புகளும் ஒன்றாக வரும் வரை விசிஓ நகர்ந்துகொண்டே இருக்கும். அந்த நிலையில் விசிஓவின் அதிர்வெண் ரெஃபரன்ஸைப்போல் சரியாக N மடங்கு.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம், கடைசி வரை இதையே வைத்துப் பார்க்கலாம். 145.500 மெகாஹெர்ட்ஸ் வேண்டும், சேனல்களுக்கு இடையே 25 கிலோஹெர்ட்ஸ். 12.8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை 512-ஆல் வகுத்தால் 25 கிலோஹெர்ட்ஸ் ரெஃபரன்ஸ் கிடைக்கும். அப்போது N = 5820. அடுத்த சேனல் 145.525-க்கு N = 5821.

## வேகமும் நெகிழ்வும் சேராத இடம்

N-ஐ ஒன்று ஒன்றாக மாற்ற வேண்டுமானால் வகுத்தி ப்ரோக்ராம் செய்யக்கூடிய கவுண்டராக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட கவுண்டர், ஒவ்வொரு சுற்று முடிந்ததும் புதிய எண்ணைத் தன்னுள் ஏற்றிக்கொண்டு அடுத்த அலைக்குள் தயாராக வேண்டும். 145 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைவெளி 7 நானோ நொடிகூட இல்லை. பழைய சிமாஸ் கவுண்டர்களால் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

அதனால் விசிஓவுக்கும் கவுண்டருக்கும் நடுவில் ஒரு வேகமான, எளிய வகுத்தியை வைத்தார்கள். இதுதான் ப்ரீஸ்கேலர். அது 64-ஆல் வகுத்தால் கவுண்டருக்கு வருவது சுமார் 2.27 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. கவுண்டருக்கு இது சாதாரண வேலை.

ஆனால் இதில் ஒரு நஷ்டம் உண்டு. கவுண்டரில் ஒன்று கூட்டினால் மொத்த வகுத்தலில் 64 கூடிவிடும். சேனல் இடைவெளி 25 கிலோஹெர்ட்ஸிலிருந்து 1.6 மெகாஹெர்ட்ஸுக்குத் தாவிவிடுகிறது. 5820-உம் வராது, 5821-உம் வராது. ரெஃபரன்ஸை 64 மடங்கு குறைத்து 390.625 ஹெர்ட்ஸ் ஆக்கினால் இடைவெளி திரும்பக் கிடைக்கும். ஆனால் நொடிக்கு 390 தடவை மட்டும் ஒப்பிடும் லூப் மிக மெதுவாகத்தான் சேனல் மாறும், விசிஓவின் இரைச்சலையும் சரியாக அடக்காது.

இதுவரை பார்த்தது இதுதான்: வேகமான வகுத்தியை ப்ரோக்ராம் செய்வது கடினம், ப்ரோக்ராம் செய்யக்கூடிய வகுத்தி வேகமாக ஓடாது. இரண்டையும் வெறுமனே அடுத்தடுத்து வைத்தால் சேனல் இடைவெளி பெருத்துவிடுகிறது.

## 64-ஐ 65 ஆக்குவது எப்படி?

இரண்டு எண்களில் ஒன்றால் வகுக்கும் ப்ரீஸ்கேலர்தான் ட்யூயல் மாடுலஸ் ப்ரீஸ்கேலர். ஒரு கட்டுப்பாட்டுக் கம்பி இருக்கும். அது ஒரு நிலையில் இருந்தால் 64 அலைக்கு ஒரு துடிப்பு, மறு நிலையில் இருந்தால் 65 அலைக்கு ஒரு துடிப்பு. மோட்டோரோலாவின் எம்சி12017 இப்படிப்பட்ட 64/65 சில்லுதான், 225 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும்.

65-ஆல் வகுக்கும் முழு வகுத்தி ஒன்று உள்ளே தனியாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். இத்தகைய ப்ரீஸ்கேலரைக் கட்டும் வழக்கமான முறை மிகச் சிக்கனமானது. முன்னால் 4-ஆலோ 5-ஆலோ வகுக்கும் ஒரு சிறு பகுதி, அதற்குப் பின்னால் 16-ஆல் வகுக்கும் ஒரு மெதுவான பகுதி. முன்பகுதி பதினாறு தடவையும் 4-ஆல் வகுத்தால் 64. அந்தப் பதினாறில் ஒரே ஒரு தடவை மட்டும் 5-ஆல் வகுக்க விட்டால் 15 × 4 + 5 = 65. விசிஓவின் முழு வேகத்தில் ஓட வேண்டியது சில ஃப்ளிப் ஃப்ளாப்புகள் கொண்ட அந்த முன்பகுதி மட்டும்தான். எனக்கு இந்த முழு ஏற்பாட்டிலும் மிகவும் பிடித்த இடம் இது.

## இரண்டு கவுண்டர்கள், ஒரு சுற்று

எப்போது 64, எப்போது 65 என்று முடிவு செய்ய இரண்டு கவுண்டர்கள் வேண்டும். முதன்மைக் கவுண்டரை B என்றும், சிறிய கவுண்டரை A என்றும் வைப்போம். ப்ரீஸ்கேலரின் துடிப்பு இரண்டுக்கும் ஒரே நேரத்தில் போகிறது. இரண்டும் கீழ்நோக்கி எண்ணுகின்றன.

A பூஜ்யம் ஆகும் வரை கட்டுப்பாட்டுக் கம்பி "65" என்கிறது. A தீர்ந்ததும் கம்பி "64"-க்கு மாறுகிறது, A அப்படியே நின்றுவிடுகிறது. B மட்டும் மிச்சத்தை எண்ணி முடிக்கிறது. அது பூஜ்யம் ஆனதும் பேஸ் டிடெக்டருக்கு ஒரே ஒரு துடிப்பு போகிறது. இரண்டு கவுண்டர்களும் பழைய எண்களை மறுபடி ஏற்றிக்கொள்கின்றன. இதைத்தான் ஒரு சுற்று என்கிறேன்.

ஒரு சுற்றில் போகும் மொத்த அலைகள், A தடவை 65-உம் மீதி (B − A) தடவை 64-உம். சுருக்கினால் இப்படி வரும்:

```
N = P × B + A
5820 = 64 × 90 + 60
5821 = 64 × 90 + 61
```

P என்பது ப்ரீஸ்கேலரின் சிறிய எண், இங்கே 64. 145.500 மெகாஹெர்ட்ஸுக்கு 60 தடவை 65, 30 தடவை 64. கூட்டினால் 3900 + 1920 = 5820. அடுத்த சேனலுக்கு A-யில் ஒன்று கூட்டினால் போதும். ப்ரீஸ்கேலர் நடுவில் இருந்தும் 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி திரும்பிவிட்டது, ரெஃபரன்ஸையும் குறைக்கவில்லை.

இப்போது அந்தப் பழைய வாக்கியத்துக்கு வருவோம். இந்தச் சுற்றில் ப்ரீஸ்கேலர் 5820 அலைகளை வாங்கி 90 துடிப்புகளைக் கொடுத்திருக்கிறது. சராசரி 64.67. ஆம், பின்னம்தான். ஆனால் பேஸ் டிடெக்டர் பார்ப்பது சுற்றின் கடைசியில் வரும் அந்த ஒற்றைத் துடிப்பை மட்டுமே. உள்ளே எத்தனை 65, எத்தனை 64, எந்த வரிசையில் என்பது அதற்குத் தெரியவே தெரியாது. அது உணரும் வகுத்தல் 5820, சுத்தமான முழு எண். எனவே இது முழு எண் சின்தசைசர்தான். 64.67 என்ற சராசரி வகுத்திக்குள்ளேயே பிறந்து அங்கேயே முடிந்துவிடுகிறது, வெளியே எந்தப் பிழையையும் விடுவதில்லை.

## இதில் பிசகும் இரண்டு இடங்கள்

A தீர்ந்த பிறகும் B ஓட வேண்டும் என்றால் B எப்போதும் A-யைவிடக் குறையக் கூடாது. இந்த எளிய நிபந்தனையில் ஒரு பள்ளம் இருக்கிறது. N = 4031 வேண்டும் என்று வையுங்கள். 64 × 62 + 63. A-க்கு 63, B-க்கு 62. B முதலில் தீர்ந்துவிடும், 63 தடவை 65-ஆல் வகுக்க நேரமே இருக்காது. 4032 முதல் மேலே எல்லா எண்ணும் வரும், அதற்குக் கீழே சில எண்கள் வராமல் போகும். பொதுவாக இந்த எல்லை P × (P − 1). 25 கிலோஹெர்ட்ஸ் ரெஃபரன்ஸில் அது 100.8 மெகாஹெர்ட்ஸ். நம் 145 மெகாஹெர்ட்ஸ் பத்திரமாக மேலே இருக்கிறது. அதே சர்க்யூட்டை 50 மெகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோனால் சில சேனல்கள் வரும், சில வரவே வராது. அங்கே 32/33 போட வேண்டும், அதன் எல்லை 992 மட்டுமே.

இரண்டாவது பிசகு நேரம் சம்பந்தப்பட்டது. A பூஜ்யம் ஆனதும் அந்தச் செய்தி கம்பி வழியாகப் ப்ரீஸ்கேலரை, அது அடுத்த தடவை "64-ஆ 65-ஆ" என்று முடிவெடுக்கும் முன் எட்ட வேண்டும். 145.5 மெகாஹெர்ட்ஸில் 64 அலைகளுக்கு ஆகும் நேரம் சுமார் 440 நானோ நொடி. ப்ரீஸ்கேலரின் தாமதம், கவுண்டரின் தாமதம், கம்பி மாறத் தேவையான முன்நேரம் எல்லாம் சேர்ந்து இதற்குள் அடங்க வேண்டும். 65-இலிருந்து 64-க்கு மாறும்போது மட்டும் செய்தி தாமதித்தால் ஒரு சுற்றில் ஒரு 65 அதிகமாகிவிடும், N ஒன்று கூடிவிடும். கண்டுபிடிப்பது எளிது: லூப் ஒழுங்காக லாக் ஆகியிருக்கும், அலையும் சுத்தமாக இருக்கும், ஆனால் ஃப்ரீக்வென்ஸி கவுண்டரில் அளந்தால் அதிர்வெண் சரியாக ஒரு சேனல் தள்ளி நிற்கும். கிரிஸ்டல் பிழையானால் இப்படிச் சரியாக 25 கிலோஹெர்ட்ஸ் தள்ளாது. தாமதம் விளிம்பில் இருந்து சில சுற்றுகளில் மட்டும் பிசகினால், அலை ஒரு சேனலுக்கும் அடுத்த சேனலுக்கும் நடுவில் எங்கோ நடுங்கிக்கொண்டிருக்கும்.

## பின்னம் உண்மையிலேயே வெளியே வரும்போது

இனி ரெஃபரன்ஸை 100 கிலோஹெர்ட்ஸ் ஆக்குவோம். அடிக்கடி ஒப்பிடுவதால் லூப் வேகமாகச் சேனல் மாறும். N நான்கில் ஒரு பங்காகக் குறைவதால், பேஸ் டிடெக்டரில் எழும் இரைச்சல் வெளியே பெருகுவதும் குறையும். ஆனால் 145.525 மெகாஹெர்ட்ஸுக்கு N = 1455.25 ஆகிவிடுகிறது.

கால் அலையை எந்தக் கவுண்டராலும் எண்ண முடியாது. எனவே மூன்று சுற்றுகளுக்கு 1455, நான்காவது சுற்றுக்கு 1456. 64/65 இங்கே உதவாது, 1455 அதன் எல்லைக்குக் கீழே இருக்கிறது. 32/33 எடுத்தால்:

```
1455 = 32 × 45 + 15
1456 = 32 × 45 + 16
```

B மாறவே இல்லை. மூன்று சுற்றுகளுக்கு A = 15, நான்காவதுக்கு A = 16. எப்போது 16 என்பதை அக்யூமுலேட்டர் என்ற சிறு கூட்டி முடிவு செய்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அது ஒன்று கூட்டும், நான்கு வந்ததும் நிரம்பி வழியும், அந்தச் சுற்றில் A ஒன்று கூடும்.

ஆக ஒரே ப்ரீஸ்கேலருக்குள் இரண்டு அடுக்கில் மாறிமாறி வகுத்தல் நடக்கிறது. ஒரு சுற்றுக்குள் 32-உம் 33-உம் மாறுவது முழு எண் N-ஐக் கட்டுவதற்கு. சுற்றுக்குச் சுற்று 1455-உம் 1456-உம் மாறுவது பின்னத்தைக் கட்டுவதற்கு. முதல் அடுக்கைப் பேஸ் டிடெக்டர் பார்ப்பதில்லை. இரண்டாவதை ஒவ்வொரு சுற்றிலும் பார்க்கிறது. ஃப்ராக்ஷனல்-என் என்ற பெயர் இரண்டாவதுக்கு மட்டுமே உரியது.

## பின்னத்துக்குக் கொடுக்கும் விலை

பேஸ் டிடெக்டர் பார்க்கிறது என்றால் பிழையையும் பார்க்கிறது என்று பொருள். விசிஓ சரியாக 145.525-இல் ஓடுகிறது என்று வையுங்கள். அதன் ஓர் அலைக்கு 6.87 நானோ நொடி. முதல் சுற்றில் 1455.25 அலைக்குக் காத்திருக்க வேண்டிய வகுத்தி 1455-இலேயே துடிப்பை விட்டுவிடுகிறது, அதாவது கால் அலை முந்தி, 1.72 நானோ நொடி முந்தி. இரண்டாம் சுற்றில் 3.44, மூன்றாம் சுற்றில் 5.15. நான்காம் சுற்றில் 1456 எண்ணுவதால் பிழை பூஜ்யத்துக்குத் திரும்புகிறது. நாட்காட்டியில் கால் நாள், அரை நாள், முக்கால் நாள் என்று முந்திய அதே கணக்கு.

இந்தப் படிப்படியான ஏற்றமும் திடீர் இறக்கமும் நான்கு சுற்றுக்கு ஒரு தடவை, அதாவது நொடிக்கு 25,000 தடவை நடக்கிறது. லூப் ஃபில்ட்டர் முழுதாக அடக்காவிட்டால் அது விசிஓவை ஆட்டும். ஸ்பெக்ட்ரம் அனலைசரில் முதன்மை அலைக்கு இருபுறமும் 25 கிலோஹெர்ட்ஸ் தள்ளிச் சிறு அலைகள் முளைக்கும். இவற்றுக்குப் பெயர் ஃப்ராக்ஷனல் ஸ்பர். நம் எடுத்துக்காட்டில் அவை சரியாகப் பக்கத்துச் சேனலின் மேல் போய் உட்காருகின்றன. ரிசீவரில் இந்த அலையைப் பயன்படுத்தினால், பக்கத்துச் சேனலின் பலமான சிக்னல் நம் சேனலில் கேட்கத் தொடங்கும்.

முளைப்பது ஃப்ராக்ஷனல் ஸ்பர்தானா, அல்லது ரெஃபரன்ஸே கசிகிறதா என்று பிரித்தறிய ஒரு நல்ல வழி உண்டு. சேனலை மாற்றிப் பாருங்கள். 145.500-இல் N சரியாக 1455, பின்னம் இல்லை, ஃப்ராக்ஷனல் ஸ்பர் மறைந்துவிடும். 145.550-இல் பின்னம் அரை, 1455-உம் 1456-உம் ஒன்றுவிட்டு ஒன்று வருவதால் ஸ்பர் 50 கிலோஹெர்ட்ஸுக்கு நகரும். ரெஃபரன்ஸ் கசிவோ எந்தச் சேனலிலும் 100 கிலோஹெர்ட்ஸ் தள்ளியே அசையாமல் நிற்கும்.

இதுவரை வந்ததைச் சேர்த்துச் சொன்னால்: சுற்றுக்குள் எடுக்கும் சராசரிக்கு விலை இல்லை, சுற்றுகளைத் தாண்டி எடுக்கும் சராசரிக்கு ஸ்பர்தான் விலை.

## வரிசையைக் கலைப்பது

ஸ்பர் முளைப்பதற்குக் காரணம் பிழை இருப்பது மட்டுமல்ல, அது ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வருவதும்தான். 1455, 1455, 1455, 1456 என்ற வரிசையைக் கலைத்துவிட்டு, சராசரி மட்டும் மாறாமல் வைத்தால் என்ன? இந்த வேலையைச் செய்வது சிக்மா-டெல்டா மாடுலேட்டர். பழைய அக்யூமுலேட்டரைப் போல ஒன்றன்பின் ஒன்றாக மூன்றைக் கோத்து, அவற்றின் வழிதல்களைச் சேர்த்து அடுத்த N-ஐ இது தேர்ந்தெடுக்கிறது. வழக்கமான மூன்றடுக்கு அமைப்பில் N இரண்டு மதிப்புகளோடு நிற்பதில்லை. 1452 முதல் 1459 வரை எட்டு மதிப்புகளுக்குள் தாவும். 32/33 ப்ரீஸ்கேலருக்கு இது பெரிய விஷயமே இல்லை. B = 45 அப்படியே இருக்க, A மட்டும் 12 முதல் 19 வரை நகரும்.

ஒவ்வொரு சுற்றிலும் பிழை முன்பைவிடப் பெரிதாகிறது என்பது உண்மை. ஆனால் அது வேகமாக இங்கும் அங்கும் புரளுவதால், அதன் ஆற்றல் முதன்மை அலையிலிருந்து தொலைவான அதிர்வெண்களுக்குத் தள்ளப்படுகிறது. அங்கே லூப் ஃபில்ட்டர் அதை எளிதாக வடிகட்டும். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பேஸ் டிடெக்டர் சிறு பிழைக்கும் பெரிய பிழைக்கும் ஒரே விகிதத்தில் பதில் சொல்ல வேண்டும். அந்த விகிதம் கோணினால், தொலைவுக்குத் தள்ளிய இரைச்சல் மடிந்து முதன்மை அலைக்குப் பக்கத்திலேயே திரும்பி வந்துவிடும்.

இன்னொரு சங்கடம், நாம் எடுத்துக்கொண்ட ¼ போன்ற எளிய பின்னங்களில்தான் வருகிறது. அப்படிப்பட்ட பின்னத்தில் மாடுலேட்டரும் சில சுற்றுகளிலேயே தொடங்கிய நிலைக்குத் திரும்பிவிடும், கலைத்த வரிசை மறுபடி வரிசையாகிவிடும், ஸ்பர் திரும்பும். தீர்வு, பின்னத்தை ஒரு துளி கெடுப்பதுதான். அக்யூமுலேட்டர் 24 பிட் என்றால் ¼ என்பது 16777216-இல் 4194304. அதை 4194305 என்ற ஒற்றைப்படை எண்ணாக வைத்தால் வரிசை திரும்பி வர மிக நீண்ட நேரம் ஆகும். ரெஃபரன்ஸ் 100 கிலோஹெர்ட்ஸாக இருக்கும்போது இதனால் சேனல் நகர்வது சுமார் 0.006 ஹெர்ட்ஸ். கிரிஸ்டல் சூட்டில் நகரும் அளவுக்கு முன்னால் அது கணக்கிலேயே வராது.